அட்டைப்படமும் ஏஐயும்: எங்கள் நிலை



சென்ற இதழின் அட்டையில் வந்த தேர்ப் படம் ஏஐ போட்டதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. லினோலியத்தில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்தது. கேள்வி எழுந்துவிட்டதால் எங்கள் நிலையைச் சொல்லிவிடுகிறோம். கேட்டதும் கணினி உருவாக்கித் தரும் படத்தை முன்னட்டையில் போடமாட்டோம். கையால் வரைந்ததை ஸ்கேன் செய்தபின் கறை நீக்கவும் நிறம் திருத்தவும் மென்பொருளைப் பயன்படுத்துவதில் ஆட்சேபம் இல்லை.

சொல்லிவிடலாம், கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். இந்தப் படங்கள் பெரும்பாலும் பின்வாசல் வழியாக வருகின்றன. 2023இல் லண்டனின் புளூம்ஸ்பரி பதிப்பகம் சாரா ஜே. மாஸ் நாவலொன்றை மறுபதிப்பாக வெளியிட்டது. அட்டையில் இருந்த ஓநாய், படங்களை விலைக்குத் தரும் அடோபி ஸ்டாக் தளத்தில் வாங்கியது. ஏஐ உருவாக்கியது என்ற குறிப்பு அந்தத் தளத்திலேயே இருந்ததை வாசகர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். தங்கள் வடிவமைப்பாளர்களுக்கு அது தெரியாது என்றது பதிப்பகம். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அப்படியென்றால், லேஅவுட்டும் பிழைதிருத்தமும் ஒரே ஆள் பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் பாடு?

ஆகவே விலைக்கு வாங்கும் படமென்றால் அந்தக் குறிப்பைப் பார்த்த பிறகே பணம் கட்டுகிறோம். ஓவியரிடம் முடிந்த படத்தோடு பென்சில் கோட்டு வரைவையும் கேட்கிறோம். கணினியில் வரைபவரென்றால் அடுக்கு அடுக்காக இருக்கும் மூலக் கோப்பு. உண்மையாக வரைந்தவர் கைவசம் இவை இருக்கும்.

பிறகு கண்ணால் பார்ப்பது. மார்கழி இதழுக்கு ஒரு வாசல் படம் வந்ததென்று வைத்துக்கொள்வோம். பெண்ணின் முகமும் விரல்களும் இன்றைக்கு ஏஐ படத்தில் பெரும்பாலும் சரியாகவே வந்துவிடும். கீழே இருக்கும் சிக்குக் கோலத்தைப் பாருங்கள். ஓரிடத்தில் விரல் வைத்து இழையைத் தொடர்ந்தால், புள்ளிகளைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்தில் சேர வேண்டும். ஏஐ கோலத்தில் பல நேரம் இழை பாதியில் மறையும், அல்லது பக்கத்து இழையோடு கலந்துவிடும். கோலத்தின் தோற்றம் அதற்குத் தெரியும், கணக்கு தெரியாது. பின்னணியில் கடைப் பலகை இருந்தால் அதையும் பாருங்கள்: சில ஏஐ படங்களில் தமிழ் போலத் தெரியும் எழுத்து, வாசிக்க வராது.

இந்தச் சோதனைகளுக்கு ஆயுள் அதிகமில்லை. அடுத்த வருடமே கோலம் ஒழுங்காக வந்துவிடலாம். அதனால்தான் கண்ணைவிடப் பென்சில் வரைவை நம்புகிறோம்.

ஓவியருக்கு நாங்கள் தரும் தொகை சிறிது என்பது தெரிந்ததே. அதையும் மிச்சம் பிடித்தால் காகிதச் செலவில் கொஞ்சம் குறையும். அந்த மிச்சம் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

பின்னட்டை விளம்பரங்களுக்கு இது பொருந்தாது. அவை விளம்பரதாரர் கொடுப்பவை. ஏஐ படமென்றால் ஓரத்தில் சிறிய எழுத்தில் அதைக் குறிப்பிடச் சொல்லியிருக்கிறோம். முன்னட்டையில் சந்தேகம் வந்தால் இதழ் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஓவியரின் அனுமதியோடு வரைவை அடுத்த இதழில் அச்சிடுகிறோம்.

– ஆசிரியர்