ஒன்றரை மணி நேரப் பேச்சை எங்கே வெட்டுவது?

போன செமஸ்டர்ல எங்க டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு சீனியர் அண்ணா வந்து, மின்சார ஸ்கூட்டர் பேட்டரி பத்தி ஒன்றரை மணி நேரம் பேசினார். வீடியோவை யூடியூப்ல ஏத்தினோம். அதுக்கப்புறம் ஜூனியர்ஸ் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, பேட்டரி ஏன் தீப்பிடிக்குதுன்னு சொன்னாரே, அது எத்தனாவது நிமிஷம்?" எனக்கே தெரியல. டிரான்ஸ்கிரிப்ட் கையில இருந்துச்சு. அதை வெச்சே சாப்டர் லிஸ்ட் போட முடியுமான்னு உட்கார்ந்தேன்.

இதுக்கு மார்ட்டி ஹெர்ஸ்ட் 1990-களில் உருவாக்கிய டெக்ஸ்ட்டைலிங் என்ற முறை இருக்கு. அடிப்படை ரொம்ப எளிமை. ஒரு விஷயத்தைப் பேசும்போது அதே வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும். விஷயம் மாறினா வார்த்தைகளும் மாறும்.

நான் டிரான்ஸ்கிரிப்டை 20 விநாடித் துண்டுகளா வெட்டினேன். 90 நிமிஷத்துக்கு 270 துண்டு. ரெண்டு துண்டுக்கு நடுவில் இருக்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் நின்னு, இடது பக்கம் ஆறு துண்டு, வலது பக்கம் ஆறு துண்டு, அதாவது ரெண்டு ரெண்டு நிமிஷம் எடுத்து, வார்த்தைகள் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு 0-லிருந்து 1-க்குள் ஒரு மதிப்பெண் போடணும். இதுக்கு கொசைன் ஒற்றுமை போதும்.

முதல் தடவை 0.35-க்குக் கீழே போனா வெட்டுன்னு வெச்சேன். சொதப்பல். அண்ணா ஆரம்பத்துல தன் வேலை, ஊர், முதல் கம்பெனின்னு தாவித் தாவிப் பேசியிருந்தார். அங்க மதிப்பெண் எப்பவுமே 0.3-ஐ ஒட்டித்தான் இருந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல எட்டு சாப்டர்!

ஹெர்ஸ்ட் இதைத் தவிர்க்கப் பார்ப்பது பள்ளத்தின் ஆழத்தை. மதிப்பெண் `s` எவ்வளவுங்கிறதைவிட, ரெண்டு பக்கமும் இருக்கும் மேடுகளிலிருந்து (`L`, `R`) அது எவ்வளவு இறங்கியிருக்குங்கிறதுதான் முக்கியம்.

```
depth = (L - s) + (R - s)
```

அறிமுகத்துல இடது மேடு 0.34, பள்ளம் 0.30, வலது மேடு 0.35. ஆழம் வெறும் 0.09. செல் வகைகள் முடிஞ்சு சார்ஜிங் தொடங்குற இடத்துல 0.62, 0.31, 0.58. ஆழம் 0.58. ரெண்டு பள்ளமும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான், ஆனா ரெண்டாவதுதான் உண்மையான திருப்பம்.

நம்ம மொழிக்கே உள்ள ஒரு தலைவலியும் உண்டு. பேட்டரியை, பேட்டரிக்கு, பேட்டரியில எல்லாமே கம்ப்யூட்டருக்கு வேற வேற வார்த்தை. அதனால ஒரே விஷயத்தைப் பேசும்போதும் மதிப்பெண் குறையும். நான் வார்த்தையின் முதல் நாலு எழுத்தை மட்டும் வெச்சு எண்ணினேன். முரட்டு வைத்தியம்தான், ஆனா வேலை செஞ்சுது.

அடுத்த சிக்கல் கிளைக்கதை. செல் வகைகளை விளக்கும்போது நடுவில் மூணு நிமிஷம் தன் ஸ்கூட்டர் மழையில நின்னுபோன கதையைச் சொன்னார். வார்த்தைகள் மொத்தமா மாறினதால ரெண்டு பக்கமும் நல்ல ஆழமான பள்ளம். கதைக்கு முன்னாடி இருக்கும் பகுதியையும் பின்னாடி இருக்கும் பகுதியையும் நேரடியா ஒப்பிட்டா குட்டு வெளிப்படும். அவை ஒத்துப்போனா, நடுவில் இருப்பது கிளைக்கதை. மூணையும் சேர்த்து ஒரே சாப்டரா வெச்சேன்.

தலைப்புக்கு அதிகம் வந்த வார்த்தையை எடுத்தா எல்லா சாப்டருக்கும் "பேட்டரி"ன்னுதான் பேர் வரும். இந்தப் பகுதியில் நிறைய வந்து, மத்த பகுதிகளில் அபூர்வமா வரும் வார்த்தைகளைத்தான் தேடணும். அப்படித் தேடினப்போ ஒரு பகுதிக்கு "ஷார்ட், சூடு, புகை, தீ"ன்னு வந்துச்சு. அதை வாக்கியமாக்கினது நான்தான்.

கடைசியா நேரம். ரெண்டு நிமிஷ ஜன்னல் வழியாப் பார்ப்பதால பள்ளம் சரியான விநாடியில விழாது. சார்ஜிங் சாப்டர் 40 விநாடி லேட்டா தொடங்கி, "0 டிகிரிக்குக் கீழே லித்தியம் அயான் செல்லை சார்ஜ் பண்ணாதீங்க"ன்னு அவர் சொன்ன எச்சரிக்கையே வெளியே போயிடுச்சு. கிளிக் பண்ணி வர்றவங்க அதைக் கேட்கவே மாட்டாங்க. அதனால ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் ஒரு நிமிஷம் பின்னாடி போய், "சரி", "அடுத்து" மாதிரி வார்த்தையோட தொடங்கும் இடத்துக்கு நகர்த்தினேன். சந்தேகம்னா லேட்டைவிட சீக்கிரமே மேல்.

வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல போட்டது இது:

```
0:00 அறிமுகம்
6:20 செல் வகைகள்
31:45 சார்ஜ் ஆகும்போது என்ன நடக்குது
52:10 பேட்டரி ஏன் தீப்பிடிக்குது
1:11:30 கேள்வி-பதில்
```

யூடியூப் இதை ஏத்துக்க முதல் வரி 0:00 ஆக இருக்கணும், குறைஞ்சது மூணு வரி வேணும், ஒவ்வொண்ணும் 10 விநாடியாவது நீளணும். கேள்வி-பதில் பகுதியில் மட்டும் இந்த முறையை ஓட்டாதீங்க. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பள்ளம் வரும். அதை மொத்தமா ஒரே சாப்டரா விட்டுட்டேன்.