கரித்துண்டின் வயதும் மடக்கை அட்டவணையும்

கதிரியக்கப் பாடத்தில் அடிக்கடி வரும் கணக்கு வகை இது. உயிருள்ள மரத்திலிருந்து எடுத்த ஒரு கிராம் கார்பனில் நிமிடத்துக்கு 15 சிதைவுகள் நிகழ்கின்றன. அகழாய்வுக் குழியில் கிடைத்த கரித்துண்டில், அதே ஒரு கிராமுக்கு நிமிடத்துக்கு 11 சிதைவுகள்தான். கார்பன்-14இன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். கரியின் வயது என்ன?

மடக்கை அட்டவணையைப் புரட்டுவதற்கு முன்பே விடையைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். ஓர் அரை ஆயுட்காலம் கழிந்திருந்தால் 15 என்பது 7.5 ஆகியிருக்கும். 11 அதைவிட அதிகம். ஆகவே வயது 5,730ஐ எட்டவில்லை. அந்தக் காலத்தில் பாதி, அதாவது 2,865 ஆண்டுகள் கழிந்திருந்தால், 15ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 10.6 வரும். நம்மிடம் இருப்பது 11. வயது 2,865க்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்க முடியும். இந்த ஒரு வரியை விடைத்தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டால் பாதிப் பிழைகள் தாமாகவே சிக்கிவிடும்.

இனி கணக்குக்கு வருவோம். கழிந்த காலம் அடுக்குக்குறியில் இருப்பதால், அதைக் கீழே இறக்க மடக்கை தேவைப்படுகிறது. கிடைக்கும் வடிவம் இது:

t = T × log(A₀/A) ÷ log 2

T என்பது அரை ஆயுட்காலம். A₀ தொடக்கச் சிதைவு வீதம், A இப்போதைய வீதம். அட்டவணையில் log 15 = 1.1761, log 11 = 1.0414. இரண்டின் வித்தியாசம் 0.1347. அதை log 2 ஆன 0.3010 ஆல் வகுத்து 5,730 ஆல் பெருக்கினால் சுமார் 2,560 ஆண்டுகள். ஓரத்தில் குறித்ததோடு பொருந்துகிறது.

இங்கே வழுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, 0.6931 என்ற எண். அது 2இன் இயல் மடக்கை. மேலே பத்தடிமான மடக்கையை வைத்துக்கொண்டு கீழே பழக்கத்தில் 0.6931ஐ எழுதிவிட்டால் விடை சுமார் 1,114 ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். மேலும் கீழும் ஒரே அடிமானம் இருந்தால் எதைப் பயன்படுத்தினாலும் விடை மாறாது. கலந்தால்தான் கெடும்.

இரண்டாவது, விகிதத்தைத் தலைகீழாக எழுதுவது. 11/15 = 0.7333 என்று தொடங்கினால் அட்டவணை தருவது 1̄.8653. தலையில் கோடு உள்ள அந்த 1 மட்டும்தான் குறை எண்; .8653 மிகை எண். சேர்த்தால் −0.1347. இதை −1.8653 என்று படித்துவிட்டால், குறியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் வயது 35,000 ஆண்டுகளைத் தாண்டிவிடும். பெரிய எண்ணை மேலே வைத்து 15/11 என்று எழுதினால் இந்தச் சிக்கலே எழாது.

இந்தக் கணக்கில் நிமிடத்தை நொடியாக்கவில்லை, ஆண்டையும் நொடியாக்கவில்லை. இரு வீதங்களும் நிமிடத்துக்கே என்பதால் விகிதத்தில் அலகு அடிபட்டுப் போகிறது. T ஆண்டில் இருந்ததால் விடையும் ஆண்டிலேயே வருகிறது. எல்லாவற்றையும் நொடிக்கு மாற்றுவது பிழையல்ல. ஆனால் அது பிழைக்கு இடம் கொடுக்கும் வீண் வேலை.

மாற்றியே தீர வேண்டிய கணக்கு வேறு. ஒரு கிராம் ரேடியம்-226இல் நொடிக்கு எத்தனை சிதைவுகள் என்று கேட்டால், சிதைவு மாறிலியை அணுக்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அரை ஆயுட்காலம் 1,600 ஆண்டுகள். ஓர் ஆண்டுக்கு 3.156 × 10⁷ நொடிகள், ஆக 5.05 × 10¹⁰ நொடிகள். 0.6931ஐ இதனால் வகுத்தால் சிதைவு மாறிலி, நொடிக்கு 1.373 × 10⁻¹¹. அணுக்கள் 2.665 × 10²¹. பெருக்கினால் 3.66 × 10¹⁰ பெக்கெரல். ஒரு கியூரி என்பது 3.7 × 10¹⁰ பெக்கெரல். ஒரு கிராம் ரேடியத்தின் கதிரியக்கத்தைக் கொண்டுதான் அந்த அலகே முதலில் வகுக்கப்பட்டது என்பதால், விடை சரி என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஆண்டை மாற்றாமல் பெருக்கினால் 1.15 × 10¹⁸ வரும். ஆண்டுக்கு இத்தனை சிதைவுகள் என்று எழுதினால் அது சரியே. பக்கத்தில் பெக்கெரல் என்று போட்டுவிட்டால் விடை மூன்று கோடி மடங்கு பிசகிவிடும்.

ஆகவே மாணவர்கள் கணக்கைத் தொடங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள்: கேள்வி கேட்பது காலத்தையா, சிதைவு வீதத்தையா? காலம் என்றால் விகிதம் எடுங்கள், அரை ஆயுட்காலத்தின் அலகை அப்படியே விடுங்கள். வீதத்தைப் பெக்கெரலில் கேட்டால் முதல் வரியிலேயே நொடிக்கு மாற்றிவிடுங்கள்.