ஒரு வாரம் நம் இரவு, ஒரு வாரம் அவர்கள் மாலை

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம். அதற்கு வேலை தருகிற கிளையன்ட் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில். ஒப்பந்தம் கையெழுத்தான கையோடு கிளையன்ட் பக்கத்து மேலாளர் வாராந்திர கால் ஒன்றுக்கு இன்வைட் அனுப்புவார். அவருக்குக் காலை 9 மணி. வாகாக, காபியோடு உட்காரும் நேரம். சென்னைக்கு அது இரவு ஒன்பதரை. "பரவாயில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். இங்கிருந்து "நோ பிராப்ளம்" என்று பதில் போகும். அடுத்த இரண்டு மூன்று வருடங்களுக்கு அந்த ஒன்பதரை அப்படியே நிலைத்துவிடும்.

அந்த "நோ பிராப்ளம்" எவ்வளவு உண்மை என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். பணம் கொடுப்பவர் கேட்கும்போது வேலை வாங்கியவர் "முடியாது" என்று சொல்லமாட்டார். அதனால் 'சம்மதமா' என்று கேட்டு நியாயத்தைக் கண்டுபிடிக்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கணக்கு சுலபமானது. ஒவ்வொரு காலுக்கும் ஒவ்வொரு பக்கமும் அலுவலக நேரத்துக்கு வெளியே எவ்வளவு தூரம் நீள வேண்டியிருக்கிறது என்று எழுதிக்கொண்டால் போதும்.

லண்டனோடு வேலை என்றால் இந்தச் சிக்கலே கிடையாது. நம் பிற்பகல் அவர்களுக்குக் காலை. நியூயார்க் என்றால் அவர்கள் எட்டு மணிக்கு வந்தால் கோடைக்காலத்தில் நம் ஐந்தரை மணிக்கே பேசி முடித்துவிடலாம். கலிபோர்னியாதான் சோதனை. கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. இரண்டு அலுவலகமும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நிமிடம் ஒன்றுகூட இல்லை. யாராவது ஒருவர் வீட்டு நேரத்தைக் கொடுத்தே ஆகவேண்டும்.

சென்னை அலுவலகம் ஒன்பதரை முதல் ஆறரை வரை, சான் பிரான்சிஸ்கோ ஒன்பது முதல் ஐந்து வரை, கால் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் இரவு ஒன்பதரை கால் பத்து மணிக்கு முடியும். சென்னைக்காரருக்கு மூன்றரை மணி நேர நீட்டிப்பு, அவர்களுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்துக்குக் கூட்டினால் ஏழுக்குப் பூஜ்யம்.

இப்போது இதையே இரண்டு நேரமாகப் பிரிப்போம். முதல் வாரம் சென்னையில் புதன் இரவு 8 மணி. அங்கே புதன் காலை ஏழரை. எட்டரைக்கு முடியும்போது நமக்கு இரண்டு மணி நேரம், அவர்களுக்கு ஒன்றரை. அடுத்த வாரம் சென்னையில் புதன் காலை ஏழரை. அங்கே செவ்வாய் மாலை 7 மணி. நமக்கு இரண்டு மணி நேரம், அவர்களுக்கு இரண்டரை. கூட்டிப் பார்த்தால் நாலுக்கு நாலு. மொத்தச் சிரமம் குறையவில்லை, ஒரு மணி நேரம் கூடத்தான் செய்கிறது. ஆனால் ஒரே தோளில் இருந்த சுமை இரண்டாகப் பிரிந்துவிட்டது, பத்து மணி என்ற பேச்சும் போய்விட்டது.

கிழமை விஷயத்தில்தான் புதிதாக ஆரம்பிப்பவர்கள் சறுக்குவார்கள். காலை நேரக் காலைச் சென்னையில் திங்களன்று வைத்தால் அங்கே ஞாயிறு மாலை. அவர்கள் வெள்ளி மாலை என்றால் நமக்குச் சனிக்கிழமை விடிந்திருக்கும். அதனால் காலை வாரத்துக்குச் சென்னைக் கணக்கில் செவ்வாய் முதல் வெள்ளி வரைதான் சரிப்படும். இன்வைட்டின் தலைப்பிலேயே இரண்டு ஊர்க் கிழமையும் நேரமும் எழுதிவிடுங்கள். வெறுமனே IST என்று போடாதீர்கள்; அயர்லாந்துக்காரரும் இஸ்ரேல்காரரும் தங்கள் நேரத்துக்கு அதே மூன்றெழுத்தைத்தான் எழுதுகிறார்கள். ஊர்ப் பெயரே தெளிவு.

அடுத்தது கடிகாரம் மாறும் நாள். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி பின்னால் வைப்பார்கள். இந்தியாவில் அந்த வழக்கமே இல்லை. இன்வைட் எந்த ஊர் நேரத்தில் உருவாக்கப்பட்டதோ அந்த ஊரில் கால் நகராது, மற்ற ஊரில் நகரும். கிளையன்ட் தன் காலண்டரில் `America/Los_Angeles` என்று உருவாக்கியிருந்தால், நவம்பரில் ஒரு திங்கட்கிழமை முதல் சென்னையின் இரவு 8 மணி சத்தமில்லாமல் 9 ஆகிவிடும். யாரும் யாரையும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அதற்காக இரண்டு இன்வைட்டையும் `Asia/Kolkata` என்று வைத்துவிட்டு விட்டால், புதன் காலை அவர்கள் ஆறரைக்கே எழுந்து உட்கார வேண்டும். அதுவும் முறையல்ல. மாறும் ஒரு மணி நேரத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரிப்பதுதான் நியாயம். நவம்பரில் சென்னை நேரத்தை அரை மணி தள்ளி, இரவு எட்டரை, காலை எட்டு என்று மாற்றுங்கள். அங்கே காலை 7, மாலை ஆறரை வரும். கணக்கு மறுபடியும் நாலுக்கு நாலுதான். மார்ச்சில் பழைய நேரத்துக்குத் திரும்பலாம். வருடத்துக்கு இரண்டு முறை இன்வைட்டைத் திருத்தும் வேலை யாருடையது என்று பெயர் எழுதி வைப்பது அவசியம்.

கணக்கில் சமமாக இருப்பது நடைமுறையில் சாய்வது எப்போது? மாலை 7 மணி வாரம் வரும்போதெல்லாம் அங்கிருந்து, "இந்த வாரம் பெரிதாக ஒன்றும் இல்லை, விட்டுவிடலாமா?" என்று செய்தி வந்தால் கவனியுங்கள். கால் ரத்தாவதில் தவறில்லை. ரத்தாவது எப்போதும் ஒரே பக்கத்தின் கஷ்ட வாரமாக இருந்தால், சுழற்சி பெயருக்குத்தான் நடக்கிறது என்று அர்த்தம். மூன்று மாதக் காலண்டரைத் திறந்து, எந்த நேரத்துக் கால் எத்தனை நடந்தது என்று எண்ணினால் தெரிந்துவிடும்.

இன்னொரு சாய்வு நம் பக்கமே நடப்பது. இரண்டு நாட்டுக்கும் நடுவே பங்கு சரியாக இருக்கும். ஆனால் சென்னையில் எல்லாக் காலுக்கும் டெக் லீட் ஒருவரே உட்காருவார். இரவு எட்டுக்கும் அவர், பள்ளி வேன் வந்து நிற்கும் காலை ஏழரைக்கும் அவர். டீமில் எட்டுப் பேர் இருந்தால் காலுக்கு இரண்டு பேர் போதும். அந்த இருவர் முறை வைத்து மாறட்டும். மற்றவர்களின் கேள்விகள் முந்தைய நாளே எழுத்தில் போய்ச் சேரட்டும், முடிவுகள் அன்றே எழுத்தில் திரும்பட்டும். 'நேற்று என்ன செய்தேன்' என்பதையெல்லாம் எழுதிவிட்டால், பேசித் தீர்க்க வேண்டிய இரண்டு மூன்று விஷயங்களுக்கு அரை மணி நேரம் தாராளம். இரவு காலில் இருந்தவர் மறுநாள் தாமதமாக வரலாம் என்பதும் எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும். மேலாளரின் நல்ல மனசைப் பொறுத்ததாக இருந்தால், மேலாளர் மாறியதும் அந்தச் சலுகையும் போய்விடும்.

இதையெல்லாம் பேச வேண்டிய நேரம், வேலை விவரத்தை ஒப்பந்தத்தில் எழுதும் நேரம். கால் நேரங்கள், சுழற்சி, கடிகார மாற்றம், ரத்து விதி ஆகியவற்றுக்கு அங்கே அரைப் பக்கம் ஒதுக்கலாம். எழுதச் சொல்ல வேண்டியவர் கிளையன்ட். ஏனென்றால் மறுக்கும் வசதி அவர் ஒருவருக்குத்தான் இருக்கிறது. அவர் சொல்லாவிட்டால், நாலுக்கு நாலு என்ற கணக்கைக் காகிதத்தில் போட்டு நீட்டுங்கள். தயவு கேட்பதைவிட அதுவே மரியாதை.