எட்டு ஆர்டரில் இரண்டு ரிட்டர்ன்

சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைகளை இன்ஸ்டாகிராம் வழியாக விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான ஆர்டர்கள் கேஷ் ஆன் டெலிவரி. பார்சல் வாசலுக்குப் போகும்போது சிலர் வீட்டில் இருப்பதில்லை, சிலர் வேண்டாம் என்று திருப்பிவிடுகிறார்கள். போகும் கூரியர் செலவும் திரும்பும் செலவும் கடைக்காரர் தலையில்தான் விழும். அதனால் தினமும் எத்தனை சதவீதம் திரும்பியது என்று கணக்குப் போட்டு, 20 சதவீதத்தைத் தாண்டினால் போனுக்கு எச்சரிக்கை வரும்படி வைத்திருக்கிறார். வழக்கமாக இந்தக் கடையில் திரும்புவது 10 சதவீதம். அதன் இரு மடங்கில் மணி அடித்தால் போதும் என்பது அவர் கணக்கு.

ஒரு நாளைக்கு அவருக்கு 8 ஆர்டர். ஒன்று திரும்பினால் 12.5 சதவீதம், இரண்டு திரும்பினால் 25. அதாவது இரண்டாவது சேலை திரும்பியவுடன் எச்சரிக்கை வந்துவிடும். கடையில் எந்தக் கோளாறும் இல்லாமல், பத்தில் ஒன்று திரும்பும் அதே பழைய நிலை நீடித்தாலும், 8 ஆர்டரில் இரண்டோ அதற்கு மேலோ திரும்புவதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 19 சதவீதம். மாதத்தில் ஐந்தாறு நாள் வெறும் தற்செயலால் மணி அடிக்கும். இரண்டு மாதத்தில் அவர் அந்தச் செய்தியைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிடுவார். பிறகு கூரியர் நிறுவனம் உண்மையாகவே சொதப்பும் வாரத்தில் வரும் எச்சரிக்கையும் படிக்கப்படாமல் கிடக்கும். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

அதே 20 சதவீத எல்லை, நாளைக்கு 200 ஆர்டர் போகும் கடையில் அருமையாக வேலை செய்யும். அங்கே வழக்கமாக 20 பார்சல் திரும்பும். தற்செயலால் அது 25 ஆகலாம், 28 ஆகலாம். 40 ஆவது ஏறத்தாழ நடக்காத காரியம். ஆக, கோளாறு எல்லையில் இல்லை. 8 ஆர்டரிலிருந்து வந்த 25 சதவீதமும் 200 ஆர்டரிலிருந்து வந்த 25 சதவீதமும் திரையில் ஒரே மாதிரி தெரிகின்றன, சதவீதமாக மாற்றியவுடன் அதன் பின்னால் எத்தனை ஆர்டர் இருந்தது என்பது மறைந்துபோகிறது.

மறைந்த அந்த எண்ணிக்கையைக் கணக்குக்குள் திரும்பக் கொண்டுவர எளிய வழி ஒன்று உண்டு. பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே காட்டிய வழி அது. குறைவான தடவை மட்டுமே பார்த்த ஒன்றின் வாய்ப்பைக் கணக்கிடும்போது, நடந்ததாக ஒன்றையும் நடக்காததாக ஒன்றையும் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு வகுத்தார் அவர். நம் கடைக்கு வழக்கமான விகிதம் தெரியும் என்பதால், இன்னும் பொருத்தமாகச் சேர்க்கலாம். தினமும் 30 கற்பனை ஆர்டர்கள், அவற்றில் வழக்கப்படி 3 ரிட்டர்ன் என்று வைத்துக்கொள்வோம். அப்போது சூத்திரம் இது:

```
(returns + 3) / (orders + 30)
```

8 ஆர்டரில் 2 திரும்பிய நாளில் இது 38-க்கு 5 ஆகிறது, அதாவது 13 சதவீதம். மணி அடிக்காது. இரண்டே ஆர்டர் வந்து ஒன்று திரும்பிய நாளில் நேர் கணக்கு 50 சதவீதம் என்று அலறும், இந்தக் கணக்கு 12.5 என்று சொல்லும். 8-இல் 5 திரும்பினால் மட்டும் 21 சதவீதமாகி எச்சரிக்கை வரும். பழைய நிலையிலேயே கடை ஓடினால் அப்படி நடப்பது 2,000 நாளுக்கு ஒரு முறைகூட இல்லை. அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று தாராளமாக நம்பலாம். பெரிய கடையிலோ 200-க்கு 50 திரும்பினால் 25 என்பது 23 ஆகக் குறையும், அவ்வளவுதான். ஆர்டர் கூடக்கூடக் கற்பனை ஆர்டர்களின் கை தானாகவே தளர்ந்துவிடுகிறது.

30 என்ற எண் எங்கிருந்து வந்தது? அது கடைக்காரர் எடுக்கும் முடிவு. அன்றைய ஆர்டர் 30-ஐத் தொடும்போது, இன்றைய அனுபவத்துக்குப் பாதி, பழைய அனுபவத்துக்குப் பாதி என்று எடை விழும். எண்ணைக் கூட்டினால் கணக்கு நிதானமாகும், குறைத்தால் துள்ளும். 10 சதவீதம் என்ற வழக்கமான விகிதத்தைக் கடந்த மூன்று மாதக் கணக்கிலிருந்து எடுக்கலாம், ஆனால் கோளாறு நடந்த வாரங்களை நீக்கிவிட்டு எடுக்க வேண்டும். இல்லையென்றால் கெட்ட வாரங்களே வழக்கமாகிவிடும், மணி செவிடாகும்.

இந்த நிதானத்துக்கு ஒரு விலை உண்டு. திரும்புவது 10-இலிருந்து 30 சதவீதமாக உண்மையிலேயே ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு இரண்டு, மூன்று பார்சல்தான் திரும்பும். தினக் கணக்கு அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. மெல்ல வரும் இந்த மாதிரிச் சரிவுக்கு ஏழு நாளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஏழு நாளின் சதவீதங்களைக் கூட்டி ஏழால் வகுக்கிறார்கள். திங்களன்று ஒரே ஆர்டர், அதுவும் திரும்பியது: 100 சதவீதம். செவ்வாயன்று 20 ஆர்டரில் ஒன்று: 5 சதவீதம். இவற்றின் சராசரி 52.5. உண்மையில் 21 ஆர்டரில் இரண்டு திரும்பியிருக்கின்றன, அது 10 சதவீதத்துக்கும் கீழே. ஆகவே சதவீதங்களைக் கூட்டக் கூடாது. ரிட்டர்ன்களைத் தனியாகவும் ஆர்டர்களைத் தனியாகவும் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு தடவை வகுக்க வேண்டும். விரிதாளில் B பத்தியில் ஆர்டர், C பத்தியில் ரிட்டர்ன் இருந்தால்:

```
=(SUM(C2:C8)+3)/(SUM(B2:B8)+30)
```

வாரத்துக்கு 56 ஆர்டர். 20 சதவீதத்தைத் தாண்ட 15 பார்சல் திரும்ப வேண்டும். கோளாறு இல்லாத காலத்தில் தற்செயலாக அது நடப்பது ஏறத்தாழ 3,300-இல் ஒன்று. ஆனால் விகிதம் 30-க்கு ஏறிய பிறகு மணி அடிக்கச் சராசரியாக ஆறு நாள் ஆகிவிடும். வார எல்லையை 16 சதவீதமாக இறக்கினால் 11 பார்சலே போதும், மூன்று நான்கு நாளிலேயே தெரிந்துவிடும். பதிலுக்கு, நூறு நாளில் இரண்டு நாள் வீண் மணி. இந்தக் கடைக்கு நான் 16-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். வீணாக ஒரு தடவை கூரியருக்குப் போன் செய்வதைவிட, இருவழிச் செலவை இன்னும் மூன்று நாள் கட்டுவது அதிக நஷ்டம். தினக் கணக்கின் 20-ஐ அப்படியே விட்டுவைக்கலாம். திடீர் விபத்தை அது பிடிக்கும், மெல்லிய சரிவை வாரக் கணக்கு பிடிக்கும்.

எந்தச் சூத்திரமும் சரிசெய்ய முடியாத பிழை ஒன்று உண்டு. இன்று அனுப்பிய பார்சல் திரும்புமா என்பது இன்று தெரியாது. இன்றைய ஆர்டரால் இன்றைய ரிட்டர்னை வகுத்தால், பொங்கல் விற்பனை நாளில் விகிதம் பொய்யாகச் சரியும். ஒரு வாரம் கழித்து ஆர்டர் ஓய்ந்து, பழைய பார்சல்கள் திரும்பும்போது பொய்யாக ஏறும். டெலிவரி ஆனதோ திரும்பியதோ, முடிவு தெரிந்த பார்சல்களை மட்டும் அந்த முடிவு வந்த தேதியில் எண்ணினால் இந்தப் பொய் பெரிதும் அடங்கும்.

உங்கள் கடைக்கு இப்படி எச்சரிக்கை அமைத்தால், செய்தியில் சதவீதத்தை மட்டும் போடாதீர்கள். “17%, 56-இல் 12” என்று எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.