கை பொறுக்கும் சூடு எத்தனை டிகிரி?

"கை பொறுக்கிற சூட்டுல உறை ஊத்து." தயிர் தோய்க்கக் கற்றுக்கொடுக்கும் தமிழ் வீடுகளில் பாடம் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும் இதை வைத்துக்கொண்டே காலம் ஓடிவிடுகிறது. அதே வீட்டுப் பெண் கல்யாணமாகி டொராண்டோவுக்குப் போய், ஜனவரி மாதத்தில் அதே வரிப்படி உறை ஊற்றிவிட்டுக் காலையில் திறந்து பார்த்தால் பால் பாலாகவே நிற்கிறது. ஊருக்குப் போன் போட்டால், "கை பொறுக்கிற சூடுதான்டி, வேற என்ன?" என்று மறுபடியும் அதே பதில். அம்மா சொல்வதில் தப்பில்லை. ஆனால் அது பாதிக் கணக்கு. மீதிப் பாதியை அவர் வாய் திறக்காமலே அவருடைய அடுப்படி பார்த்துக்கொள்கிறது.

எண்ணில் சொல்வதானால் உறை ஊற்றும்போது பால் 38 முதல் 42 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நல்லது. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதற்கு உறைமோருக்குள் இருப்பவர்களைப் பார்க்க வேண்டும். வீட்டுத் தயிரில் ஒரே வகை பாக்டீரியா இருப்பதில்லை. லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் போன்றவை 30 டிகிரி வாக்கில் நன்றாகப் பெருகும். 45 டிகிரியை எட்டினால் அவற்றின் வளர்ச்சி நின்றுவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபாசில்லஸ் பல்காரிகஸ் போன்றவைக்கு 40க்கு மேல்தான் சுறுசுறுப்பு வரும். கடையில் 'யோகர்ட்' என்று விற்பதைப் பின்னவைதான் உறைய வைக்கின்றன. வீட்டு உறையில் எது எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். 40 டிகிரியில் ஆரம்பித்தால் இரு தரப்புமே வேலையைத் தொடங்கிவிடலாம். இவை பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் விடுகின்றன. புளிப்பு ஏற ஏற, பாலில் மிதந்துகொண்டிருக்கும் கேசீன் என்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டி வலை கட்டுகிறது. அந்த வலைக்குள் நீர் சிக்கி நிற்பதுதான் கெட்டித் தயிர்.

விரலுக்கு வருவோம். விரல் நுனியின் சூடு சாதாரணமாக 30 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும். அதைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும் பால் 'வெதுவெதுப்பு' என்று படும். 37 முதல் 40 வரை அந்தக் கணக்கு. 43, 45ஐ நெருங்கினால் தோலில் வலி உணர்ச்சி எட்டிப் பார்க்கும். ஆக, 'கை பொறுக்கும் சூடு' என்பது உண்மையில் மேல் எல்லை. அதற்கு மேல் போகாதே என்கிறதே தவிர, அங்கேயே நில் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் பிடிபடாதவர்கள் எல்லையின் விளிம்பிலேயே உறையை ஊற்றிவிடுகிறார்கள்.

தவிர, எந்தக் கை என்பதும் முக்கியம். தோசைக்கல்லோடு முப்பது வருஷம் பழகிய கை 50 டிகிரியைக்கூட ஒரு நொடி தாங்கிக்கொண்டு 'பரவாயில்லை' என்று சொல்லிவிடும். குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்த கைக்கோ 36 டிகிரிப் பாலே நல்ல சூடாகப் படும். அதனால் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு நிமிஷம் பொறுத்துச் சோதிப்பது நல்லது. தொட்டவுடன் எடுத்துவிடாமல், நிதானமாகப் பத்து எண்ணும் வரை விரல் உறுத்தலில்லாமல் இருக்க வேண்டும். ஏழிலேயே எடுக்கத் தோன்றினால் பால் இன்னும் ஆற வேண்டும். பாலுக்குள் விரல் விடுவது சுத்தமா என்று கேட்பவர்கள் ஒரு ஸ்பூன் பாலை மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்க்கலாம். குழந்தைக்குப் பால் ஆற்றுகிறவர்கள் செய்வதுதான். மெல்லிய எவர்சில்வர் பாத்திரமென்றால் வெளிப்புறத்தைத் தொட்டாலே போதும். மண்சட்டியில் அந்த வேலை நடக்காது. சட்டி கசிந்து வெளிப்பக்கம் குளிர்ந்திருக்கும், உள்ளே பால் சுடும்.

எதில் சோதித்தாலும் முதலில் கலக்க வேண்டும். காய்ச்சிய பாலில் ஓரம் ஒரு சூடு, நடு ஒரு சூடு. மேலே ஆடை படிந்துவிட்டால் அது மூடிபோல் நின்று சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். ஓரத்தில் விரல் வைத்து ஏமாந்து, நடுவில் உறையைக் கொட்டுவது பலரும் அறியாமல் செய்யும் காரியம்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் விரலுக்கு 40 டிகிரி என்றால் என்னவென்று பழக்க ஒரு வழி இருக்கிறது. தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் ஒரு டம்ளர். குழாய்த் தண்ணீர் அதே டம்ளரால் ஆறு. கலந்தால் 40ஐ ஒட்டி வரும். 100 டிகிரித் தண்ணீர் ஒரு பங்கும் 30 டிகிரித் தண்ணீர் ஆறு பங்கும் சேர்ந்தால் சராசரி சரியாக 40தான். பாத்திரம் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்வதால் ஒன்றிரண்டு குறையலாம். அதில் விரலை வைத்து அந்த உணர்வை மனதில் வாங்கிக்கொண்டு, பிறகு பாலைத் தொட்டுப் பார்க்கலாம். சமவெளிக்குத்தான் இந்தக் கணக்கு. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், குழாய்த் தண்ணீரோ 15 டிகிரியில் விறைக்கும். அங்கே ஒன்றுக்கு இரண்டு போதும்.

தெர்மாமீட்டர் வாங்குவதானால் சமையலுக்கென்று விற்கும், நீளக் கம்பி வைத்த டிஜிட்டல் வகை போதுமானது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. அதன் அளவே 42, 43 டிகிரியோடு முடிந்துவிடும். பழைய பாதரசக் கண்ணாடிக் குழாயைப் பாலில் விட்டு அது உடைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நெற்றிக்கு நேரே காட்டும் துப்பாக்கி வகையும் சரிப்படாது. அது பாலின் மேல்பரப்பை மட்டும்தான் பார்க்கும். பளபளக்கும் எவர்சில்வரில் காட்டினால் சம்பந்தமில்லாத எண்ணைச் சொல்லும். கம்பி வகையைப் பாலின் நடுவில், அடிப்பாகத்தைத் தொடாமல் பிடித்து, எண் ஓடி நிற்கும்வரை பொறுக்க வேண்டும். கருவி பொய் சொல்கிறதா என்று பார்க்க ஒரு டம்ளர் நிறைய ஐஸைப் பொடித்துப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கம்பியை வைத்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்.

இனி அம்மா சொல்லாத அந்த மீதிப் பாதி. சென்னையில் மே மாத இரவு, அடுப்படி 32 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, 40க்கு ஆறவிட்டு, ஒரு சின்ன ஸ்பூன் உறை கலந்து மூடிவைத்தாயிற்று. ஒன்றரை மணி நேரத்தில் பால் 35 வாக்கில் இறங்கும். பிறகு 32ஐ ஒட்டியே விடியும்வரை நிற்கும். அதாவது நாற்பதில் ஆரம்பித்த தயிர் முக்கால்வாசி வேலையை முப்பத்திச் சொச்சத்தில்தான் முடிக்கிறது. லாக்டோகாக்கஸுக்கு இதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது. அங்கே 36 டிகிரியில் உறை ஊற்றினாலும் ஆறேழு மணி நேரத்தில் தயிர் தோய்ந்துவிடும். விரல் செய்யும் தவறை அறை மன்னித்துவிடுகிறது. கோடையில் உறையை அரை ஸ்பூனாகக் குறைக்காவிட்டால் புளித்துப்போகும் என்பதுதான் அங்கே கவலை.

அதே அரை லிட்டர், அதே 40 டிகிரி, அதே பாத்திரம். ஊட்டியில் டிசம்பர் இரவு, அடுப்படி 12 டிகிரி. ஒன்றரை மணி நேரத்திலேயே பால் 22ஐ நெருங்கிவிடும், நடுநிசிக்குள் 15. பாக்டீரியா சாகவில்லை, சுருண்டு படுத்துவிட்டது. இங்கே இன்னும் சூடாக ஊற்றிப் பார்ப்போம் என்று 50 டிகிரியில் ஊற்றுவதுதான் பெரிய தப்பு: முதலில் வெந்து, பிறகு விறைத்து, இரண்டு பக்கமும் அடி வாங்கும். செய்ய வேண்டியது சூட்டைக் கூட்டுவதல்ல, இருக்கும் சூட்டைக் காப்பது. ஹாட் பாக்ஸில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு, 42 டிகிரிப் பாலை அதில் உறை கலந்து மூடி, ஒரு கம்பளியைச் சுற்றி வைத்தால் காலைக்குள் காரியம் ஆகிவிடும். பாத்திரத்தை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவைப்பதும் இதே உபாயம்தான். உறையையும் இரண்டு ஸ்பூனாக ஏற்றிக்கொள்ளலாம். டொராண்டோ வீட்டின் 20 டிகிரிக்கும் இதுவே வழி. ஓவனை மூட்டாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு அதற்குள் வைக்கிறவர்களும் உண்டு.

எது பிசகியது என்பதைக் காலையில் பாத்திரமே சொல்லிவிடும். பால் அப்படியே இருந்து, அடியில் மட்டும் வெள்ளைத் துணுக்குகள் கிடந்தால் உறை கொதிபாலில் விழுந்து வெந்துவிட்டது என்று அர்த்தம். இரவு முழுக்கப் புளிப்பின் காவல் இல்லாமல் வெளியே கிடந்த பால் அது. காய்ச்சினாலும் சாகாத சில கிருமி வித்துகள் பாலில் உண்டு என்பதால் அதைக் காப்பாற்றப் பார்க்காமல் கொட்டிவிடலாம். தயிர் தோய்ந்திருக்கிறது, ஆனால் மணல் மணலாக, பச்சை மஞ்சள் தண்ணீர் விட்டுக்கொண்டு, நாக்கைச் சுண்டுகிறது என்றால் 45ஐத் தாண்டிய சூட்டில் அவசரமாகத் தோய்ந்த தயிர். சாப்பிடலாம், மோர்க்குழம்புக்கு அருமை. கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுத்து, புளிப்பே இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் சூடு குறைவு. குளிரில் மெதுவாக வளரும் சில வகைகள் பிசினைப்போல ஒரு பொருளை விடுகின்றன. அந்தத் தயிரையே மறுநாளும் உறைக்கு எடுத்தால் நூல் தொடரும். வேறு வீட்டு உறையை வாங்கி வருவது நல்லது.

தளர்வாக, பாதி தோய்ந்து, மணம் நன்றாக இருக்கும் தயிர் குளிரில் தாமதப்பட்டதுதான். 45 டிகிரிக்கு மிகாத வெந்நீர் நிறைந்த அகலப் பாத்திரத்தில் அந்தக் கிண்ணத்தை இறக்கி மூடிவைத்தால் ஓரிரு மணி நேரத்தில் கெட்டியாகும். அந்த நேரத்தில் ஸ்பூன் விட்டுக் கிண்டிப் பார்க்கக் கூடாது. கட்டிக்கொண்டிருக்கும் வலை அறுந்து தண்ணீர் பிரிந்துவிடும். பாத்திரத்தை லேசாகச் சாய்த்து, தயிர் ஓரத்தை விட்டு ஒரே துண்டமாக நகர்ந்தால் உடனே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடலாம்.