தளம் போடும் நாளுக்கு முன் எழுத வேண்டிய ஒரு தாள்

வீடு கட்டும் வேலையில் எதையும் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம், கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் போடுவதைத் தவிர. மிக்சர் சுழலத் தொடங்கிவிட்டால் கடைசி மூலை நிரம்பும்வரை நிறுத்தக் கூடாது. யோசிக்க நேரமிருக்காது என்பதால் யோசிக்க வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து எழுதிவைக்கிறார்கள். பெரிய கட்டுமானங்களில் இந்த எழுத்துக்கு ‘மெத்தட் ஸ்டேட்மென்ட்’ என்று பெயர். எந்த வரிசையில் வேலை, என்னென்ன கருவி, எத்தனை ஆள், யார் எதைச் சோதிப்பது என்று எல்லாம் அதில் இருக்கும். தனி வீடு கட்டுபவர்கள் இதை எழுதுவதில்லை. மேஸ்திரிக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு தாளாவது எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

25 அடிக்கு 40 அடி, அதாவது 1000 சதுர அடித் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கனம் 5 அங்குலம். பீம்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 15 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். எம்20 தரத்துக்கு ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு எம்-சாண்ட், மூன்று பங்கு ஜல்லி என்பது வழக்கமான கலவை. இதில் ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை சிமென்ட் போகும். ஆக 120 மூட்டை. மிக்சர் ஒரு தடவைக்கு ஒரு மூட்டைதான் கலக்கும். கொட்டி, கலக்கி, இறக்க மூன்றரை நிமிடம் என்று வைத்தால் 120 தடவைக்கு 7 மணி நேரம். காலை 7 மணிக்குத் தொடங்கினால் பிற்பகல் 2 மணிக்கு முடியும். பூஜை முடிந்து, ஜல்லி லாரி வந்து, 11 மணிக்குத் தொடங்கினால் கடைசிப் பகுதி இருட்டில்தான் முடியும். இருட்டில் மட்டம் பார்ப்பதும் அதிர்வு கொடுப்பதும் ஒழுங்காக நடக்காது. அதனால் தாளின் முதல் வரியே தொடங்கும் நேரமாக இருக்கட்டும்.

அடுத்து, எங்கிருந்து போடுவது? லிப்ட் இருக்கும் இடத்துக்கு எதிர்க்கோடியில் தொடங்கிப் பின்வாங்கிக்கொண்டே வர வேண்டும். போட்ட கான்கிரீட்டின் மேல் யாரும் நடக்க வேண்டியிராது. தளத்தை 4 அடி அகலப் பட்டைகளாகப் பிரித்தால் பத்துப் பட்டைகள். ஒரு பட்டைக்கு 12 மூட்டைக் கலவை, ஏறக்குறைய 42 நிமிடம். அதாவது, ஒரு பட்டையின் விளிம்பில் போட்ட கான்கிரீட், பக்கத்தில் புதுக் கான்கிரீட் வரும்வரை முக்கால் மணி நேரம் காத்திருக்கிறது. அவ்வளவு நேரம் தாங்கும். நடுவில் மிக்சர் பழுதாகி ஒரு மணி நேரம் நின்றால், சித்திரை வெயிலில் அந்த விளிம்பு இறுகத் தொடங்கிவிடும். இறுகியதன் பக்கத்தில் புதியதைக் கொட்டினால் இரண்டும் சேராது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டில்தான் பின்னாளில் மழைநீர் கசியும்.

இறுகிவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. வைப்ரேட்டரை ஓடவிட்டு அதன் ஊசியை விளிம்பில் வையுங்கள். தன் எடையிலேயே இறங்கி, எடுத்ததும் குழி மூடிக்கொண்டால் தொடரலாம். இறங்க மறுத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நிறுத்தும் இடத்தையும் முன்பே வரைபடத்தில் குறித்திருக்க வேண்டும். தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ அருகில் கூடாது. இரண்டுக்கும் நடுப்பகுதியில், பலகை வைத்துச் செங்குத்தாக முடிக்க வேண்டும். மறுநாள் அந்த முகத்தைக் கொத்தி, கழுவி, சிமென்ட் பால் பூசிவிட்டுத் தொடரலாம். இந்தத் தொல்லைக்குப் பயந்தாவது வைப்ரேட்டர் இரண்டு வைத்திருங்கள். மழைக்கு மூடத் தார்ப்பாயும் கைவசம் இருக்கட்டும்.

ஆட்கள் 20 பேராவது வேண்டும். கீழே ஜல்லி, எம்-சாண்ட், சிமென்ட், தண்ணீர் கொடுப்பவர்களும் மிக்சர் ஓட்டுநரும் 8 பேர். லிப்டிலிருந்து கான்கிரீட்டை வாங்கித் தள்ளிக்கொண்டு போக 4 பேர். பரப்பி மட்டப்பலகை இழுக்கக் கொத்தனார் மூவர். வைப்ரேட்டருக்கு இருவர். மீதி மூவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சென்ட்ரிங் ஆள் ஒருவர் கீழே நின்று முட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முட்டு நழுவினால் முதலில் தெரிவது அவருக்குத்தான். மற்ற இருவர் கம்பி கட்டுபவர்கள்.

கம்பி கட்டியவர்கள் முதல் நாளே கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவதுதான் வழக்கம். ஆனால் கான்கிரீட் போடும்போதுதான் கம்பி கெடுகிறது. பீமுக்கு மேலும் பால்கனியிலும் கம்பி தளத்தின் மேற்பகுதியில் இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே இழுவிசை மேலே வருகிறது. சட்டி தூக்கி வருபவர் அதை மிதித்தால் கீழே போய்விடும். 5 அங்குலத் தளத்தில் மேல்கம்பியின் பயனுள்ள ஆழம் சுமார் 100 மி.மீ.தான். 30 மி.மீ. இறங்கினால் அந்த இடத்தின் தாங்குதிறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மேலே பூசி மெழுகியபின் யாருக்கும் தெரியாது, பால்கனி விரிசல் விடும்வரை. நாற்காலிக் கம்பிகளை நெருக்கமாக வைத்து, நடக்கப் பலகை போட்டு, மிதிபட்டதை உடனே தூக்கிக் கட்ட ஆள் நிற்க வேண்டும். அடிக்கம்பிக்குக் கீழே 20 மி.மீ. கவர் பிளாக் இருக்கிறதா என்பதை முதல் நாள் மாலையே பார்த்துவிடலாம்.

இனித் தண்ணீர். ஐ.எஸ். 456 விதிப்படி, கடுமையற்ற சூழலில் கம்பி போட்ட கான்கிரீட்டில் சிமென்டின் எடையில் 0.55 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 27 லிட்டர் என்று கொள்ளலாம். எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அந்த ஈரமும் கணக்கில் சேரும். ஒரு மூட்டைக்குப் போகும் 80 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் என்றால் 4 லிட்டர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. 23 லிட்டர் ஊற்றினால் போதும். வெயில் ஏற ஏற மேலிருந்து குரல் வரும்: “கெட்டியா இருக்குண்ணே, கொஞ்சம் தண்ணி விடுங்க.” இழுப்பதற்கு அது சுகம், தளத்துக்கு அது கேடு. கூடுதல் தண்ணீர் காயும்போது உள்ளே நுண்துளைகளை விட்டுச்செல்கிறது, வலிமையும் குறைகிறது. குழாயை மிக்சரில் விடாமல், அளவு குறித்த வாளியில்தான் ஊற்ற வேண்டும்.

இதைக் காட்டிக்கொடுப்பது ஸ்லம்ப் சோதனை. 300 மி.மீ. உயரக் கூம்பில் மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பை மேலே தூக்க வேண்டும். கான்கிரீட் 75 மி.மீ. அளவுக்கு அமர்ந்தால் தளத்துக்குச் சரி. 150 மி.மீ. சரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. அந்தக் கலவையைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்பதைப் பெயரோடு தாளில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அன்றைக்கு யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

15 கன மீட்டருக்கு இரண்டு மாதிரிகள் எடுக்க வேண்டும், மாதிரிக்கு மூன்று கட்டிகள். 150 மி.மீ. கட்டி ஒன்று 28ஆம் நாளில் 45 டன்னுக்கு மேல் சுமை தாங்கினால் எம்20 வலிமை வந்துவிட்டது. ஆனால் கட்டி சொல்வது கலவையைப் பற்றி மட்டுமே. தளத்தில் வைப்ரேட்டர் படாத மூலையில் தேன்கூடு போல ஓட்டை விழுந்திருந்தால் கட்டிக்கு அது தெரியாது.

மாலையில் தளம் இறுகியதும் ஈரச் சாக்கு, மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர். இன்று வீடுகளுக்கு அதிகம் வாங்கப்படுவது பிபிசி சிமென்ட். வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் அதற்கு 14 நாள் ஈரம் வேண்டும் என்கிறது விதி. சென்ட்ரிங் பிரிக்க, சாதாரண சிமென்டுக்கு 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு 7 நாள், 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள். பிபிசி மெதுவாக வலுப்பெறுவதால் நான் முறையே 14, 21 என்றே எழுதுவேன். பிரிக்கும்போது அறைக்குள் நடுவிலிருந்து சுவர்களை நோக்கியும், பால்கனியில் வெளி விளிம்பிலிருந்து சுவரை நோக்கியும் முட்டுகளை எடுக்க வேண்டும். பால்கனியில் சுவரோர முட்டை முதலில் எடுத்துவிட்டால், வெளிமுட்டின் மேல் அது பாலம் போல உட்காரும்; மேலே இழுவிசைக்கென்று போட்ட கம்பி அப்போது உதவாது.