தாய் புகைபிடித்திருந்தால்?

1980களில் தென் பிரேசிலில் சீசர் விக்டோராவும் அவருடைய குழுவினரும், தொற்றுநோயால் இறந்த கைக்குழந்தைகள் என்ன பால் குடித்து வளர்ந்தன என்று விசாரித்தார்கள். உயிரோடு இருந்த குழந்தைகளைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்டு ஒப்பிட்டார்கள். முடிவு 1987இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தையைவிட, பவுடர் பால் மட்டுமே குடித்த குழந்தை மூச்சுத்தொற்றால் இறக்கும் அபாயம் 3.9 மடங்கு. 95 சதவீத நம்பக இடைவெளி 1.8 முதல் 8.7 வரை.

குழந்தையின் வயது, பிறப்பு எடை, தாயின் படிப்பு, குடும்ப வருமானம் ஆகியவற்றையெல்லாம் கணக்கில் எடுத்தே இந்த எண்ணுக்கு வந்திருந்தார்கள். தாய் புகைபிடிப்பவரா என்பது மட்டும் அதில் இல்லை. புகைபிடிக்கும் தாய்மார் தாய்ப்பால் கொடுப்பது குறைவு. புகை சூழ்ந்த வீட்டில் குழந்தையின் நுரையீரலும் கெடும். அப்படியானால் பழி பவுடர் பாலுக்கா, புகைக்கா?

பழைய ஆய்வில் இல்லாத தகவலை இனிமேல் திரட்ட வழியில்லை. ஆனால் கேள்வியைத் திருப்பிப் போடலாம். இந்த 3.9ஐ முழுவதும் பொய்யாக்க, விடுபட்டுப்போன ஒரு காரணி எவ்வளவு வலுவாக இருந்திருக்க வேண்டும்? டைலர் வாண்டர்வீலும் பெங் டிங்கும் 2017இல் இதற்கு ஒரே எண்ணில் விடை சொல்லும் வழியைக் கொடுத்து, அதற்கு ஈ-மதிப்பு என்று பெயரிட்டார்கள்.

```
E = RR + sqrt(RR × (RR − 1))
3.9 + sqrt(3.9 × 2.9) = 7.26
1.8 + sqrt(1.8 × 0.8) = 3.0
```

RR என்பது அபாய விகிதம். அது 1ஐவிடக் குறைவாக இருந்தால், 1ஐ அதனால் வகுத்து வரும் எண்ணைப் போட வேண்டும். 7.26 என்றால் என்ன? விடுபட்ட காரணிக்குப் பவுடர் பாலோடு 7.26 மடங்குத் தொடர்பும், குழந்தை மரணத்தோடும் அதே 7.26 மடங்குத் தொடர்பும் இருந்தால்தான் பவுடர் பாலின் மேல் விழுந்த பழி முழுக்க நீங்கக்கூடும். ஏற்கெனவே கணக்கில் சேர்த்த வருமானம், படிப்பு எல்லாவற்றுக்கும் மேலாக இந்த வலு வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பெரிய எண்ணைக் கட்டுரையின் சுருக்கத்தில் போட்டுவிட்டு அடுத்த எண்ணை விட்டுவிடுகிறார்கள். இடைவெளியின் கீழ் எல்லையான 1.8க்கு ஈ-மதிப்பு 3.0தான். இரண்டு பக்கமும் மும்மடங்குத் தொடர்புள்ள காரணி ஒன்று இருந்தாலே, இடைவெளி 1ஐத் தொட்டுவிட முடியும்.

புகையையே வைத்துப் பார்ப்போம். பவுடர் பால் கொடுத்தவர்களிடையே புகைப்பழக்கம் 4 மடங்கு, புகையால் மரண அபாயம் 3 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். இவை என் கற்பனை எண்கள். இரண்டையும் பெருக்கினால் 12, கூட்டி ஒன்றைக் கழித்தால் 6, வகுத்தால் 2. புகை இந்த முடிவை அதிகபட்சம் இந்த 2 மடங்குதான் ஊதிக் காட்டியிருக்க முடியும். 3.9ஐ அதனால் வகுத்தால் 1.95. அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகவே நிற்கிறது, ஆனால் கீழ் எல்லை 0.9க்கு இறங்கிவிடுகிறது. ஆகவே ஆய்வறிக்கையில் இரண்டு ஈ-மதிப்புகளையும் தந்து, எந்தக் காரணியை மனத்தில் வைத்துப் பேசுகிறோம், அதன் வலுவைப் பற்றி மற்ற ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் எழுத வேண்டும். எண்ணை மட்டும் எழுதி ‘முடிவு உறுதியானது’ என்று முடிப்பது, என் பார்வையில், எதையும் எழுதாமல் விடுவதைவிட மோசம்.

ஈ-மதிப்பு எவ்வளவு இருந்தால் போதும் என்று கேட்பவர்களுக்குத் தேர்ச்சி மதிப்பெண் எதுவும் கிடையாது. வருமானத்தைக்கூடக் கணக்கில் எடுக்காத ஆய்வில் 4 என்பது அற்பம். எல்லாவற்றையும் அளந்து முடித்த ஆய்வில் 2 கூடக் கனமானது. தன் ஆய்வில் அளந்த காரணிகளிலேயே வலுவானது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்து, அதோடு ஒப்பிடுவது நல்ல பழக்கம்.

இந்த யோசனைக்கு வேர் 1959இல் இருக்கிறது. புகைபிடிக்கவும் தூண்டி நுரையீரல் புற்றையும் வரவழைக்கும் ஒரு மரபணு இருக்கலாமே என்று புள்ளியியல் மேதை ஃபிஷர் வாதாடிவந்தார். புகைப்பவர்களுக்கு 9 மடங்கு அபாயம் என்றால், அந்த மரபணு அவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாகக் காணப்பட வேண்டும் என்று ஜெரோம் கார்ன்ஃபீல்டும் மற்றவர்களும் காட்டினார்கள். அப்படி ஒன்றை யாரும் காட்டவில்லை.

பிரேசில் ஆய்வு போன்றவற்றில் இந்தச் சூத்திரம் எட்டாத இடம் ஒன்று உண்டு. நோயுற்ற குழந்தை மார்பில் வாய் வைக்காது. வீட்டார் பவுடர் பாலுக்கு மாறுவார்கள். பிறகு குழந்தை இறக்கும். பால் மாறியதால் நோய் வரவில்லை, நோய் வந்ததால் பால் மாறியது. ஈ-மதிப்பு 7 ஆனாலும் 70 ஆனாலும் இதைக் காட்டிக்கொடுக்காது. நோய் தொடங்குவதற்கு முன் குழந்தை என்ன குடித்தது என்று தாயிடம் கேட்டால்தான் தெரியும்.